2-ஐ "அரைத் தடவை" பெருக்குவது எப்படி?

நிலாமுற்றம்

பையன் ஒன்பதாம் வகுப்பு. 2^3 என்றால் 2-ஐ மூன்று தடவை போட்டுப் பெருக்கு, 8 வரும். இது வரைக்கும் தகராறு இல்லை. அடுத்த பக்கத்தில் 2^0 = 1, 2^(-3) = 1/8, 8^(1/3) = 2 என்று வரிசையாக விதிகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டான், மார்க்கும் வந்துவிடும். ஆனால் நேற்று கேட்கிறான்: "ஒரு தடவைகூடப் பெருக்கவில்லை என்றால் எதுவும் இல்லைதானே, அப்போ பூஜ்ஜியம்தானே வரணும்? மைனஸ் மூன்று தடவை எப்படிப் பெருக்குவது? அரைத் தடவை?"

நான் பி.காம். வட்டிக் கணக்கு கேட்டால் சொல்வேன், இதற்குப் பதில் வரவில்லை. விதியை மறுபடி எழுதிக் காட்ட வேண்டாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது. அவன் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

---

சங்குவளை

இதில் என்ன இருக்கிறது, பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். 16, 8, 4, 2 என்று எழுதினால் அடுக்கு 4, 3, 2, 1 எனக் குறைகிறது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் எண் பாதியாகிறது. இன்னும் ஒரு படி இறங்கினால் அடுக்கு 0, எண் 1. அதற்கும் கீழே -1, எண் 1/2. அப்புறம் 1/4, 1/8. அடுக்கு மைனஸ் என்பதால் விடை மைனஸ் ஆகாது. தேய்ந்துகொண்டே போகும், பூஜ்ஜியத்தைத் தொடவே தொடாது.

அரை அடுக்கும் அதே கதைதான். 2^0 என்பது 1, 2^1 என்பது 2. இரண்டுக்கும் நடுவில் 2^(1/2) = 1.5. முடிந்தது.

---

மேலவீதி வாத்தியார்

தம்பி சங்குவளை, முதல் பத்தி பிரமாதம். வகுப்பில் நானே அப்படித்தான் ஆரம்பிப்பேன். இரண்டாவது பத்தியில்தான் வண்டி தடம் மாறிவிட்டது.

1.5-ஐ 1.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.25. உங்கள் ஏணியில் ஒரு முழுப்படி ஏறுவது என்றால் 2-ஆல் பெருக்குவது. அரைப்படி என்று ஒன்று இருந்தால், அதை இரண்டு தடவை ஏறினால் சரியாக ஒரு முழுப்படி ஆக வேண்டும். 1-லிருந்து கிளம்பி, ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி, அதே எண்ணால் மறுபடி பெருக்கி, 2-இல் போய் நிற்க வேண்டும். அந்த எண் √2, அதாவது 1.414 சொச்சம். மூலம் இந்தக் கணக்குக்குள் வருகிற வாசல் இதுதான்.

---

சங்குவளை

சார், அரைப்படியும் பெருக்கல்தான் என்று யார் முடிவு செய்தது? 1-லிருந்து 2-க்குப் போக 0.5 கூட்டி, இன்னொரு 0.5 கூட்டினாலும் போய்ச் சேரலாமே.

---

மேலவீதி வாத்தியார்

சேரலாம். ஆனால் அடுத்த படியில் மாட்டிக்கொள்வீர்கள். 2-லிருந்து 4-க்குப் போகும்போது அரைப்படிக்கு 1 கூட்ட வேண்டும், 4-லிருந்து 8-க்கு 2 கூட்ட வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தனி அரைப்படி. பெருக்கலாக வைத்தால் எங்கே நின்றாலும் அரைப்படி ஒன்றேதான், 1.414.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2^3 × 2^4 = 2^7 என்று அடுக்கைக் கூட்டுகிறோமே, அந்த ஒரு பழக்கம் பின்னத்துக்கும் பொருந்த வேண்டும் என்றால் 2^(1/2) × 2^(1/2) = 2^1 ஆகியே தீர வேண்டும். 1.5 வைத்தால் அது உடைந்துவிடும். வேறு வழியே இல்லாமல் போவதால்தான் இந்த அர்த்தம் வந்தது.

---

அண்ணாச்சி ஜெராக்ஸ்

நான் பத்தாவதுதான், கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. ஆனால் அந்த 1.414-ஐப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். என் மிஷினில் A4-ஐ A3 ஆக்க 141% என்று பட்டன் இருக்கிறது. A3-ஐ A4 ஆக்க 71%. புதுசாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் "A3-இல் பாதிதானே A4" என்று 50% அமுக்குவார்கள். பேப்பரின் ஒரு மூலையில் தம்மாத்துண்டாக விழும், மிச்சப் பாதிப் பக்கமும் வெள்ளை. 71 எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது, கம்பெனிக்காரன் போட்டிருக்கிறான் என்று விட்டுவிட்டேன். இரண்டும் ஒன்றுதானா?

---

மேலவீதி வாத்தியார்

அண்ணாச்சி, நிலாமுற்றம் கேட்டதே இதைத்தான்! இந்த இழைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

A3 தாளைக் குறுக்கே நடுவில் மடித்தால் A4. பரப்பு பாதி, அதாவது 2^(-1) மடங்கு. மிஷின் கேட்கும் சதவீதமோ பரப்புக்கானது இல்லை, நீளத்துக்கானது. அகலத்தையும் நீளத்தையும் ஒரே எண்ணால் சுருக்குகிறது, ஆக பரப்பு அந்த எண்ணால் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. இரண்டு தடவை பெருக்கினால் 1/2 வர வேண்டும் என்றால் ஒரு தடவைக்கு எவ்வளவு? 2^(-1/2). அது 1/√2, அதாவது 0.7071. உங்கள் 71% அதுதான். மறுபக்கம் 2^(1/2) = 1.414, உங்கள் 141%.

இப்போது பையனின் மூன்று கேள்விகளையும் மிஷின் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

அரைத் தடவை: பரப்பை இரட்டிப்பாக்குவதை ஒரு முழு வேலை என்று வைத்துக்கொண்டால், நீளத்தின் பக்கம் அதில் பாதி வேலை, அகலத்தின் பக்கம் பாதி வேலை. 141% என்பது 2-ஆல் அரைத் தடவை பெருக்குவது.

மைனஸ்: 71% என்பது அதே அரை வேலையைத் திருப்பிச் செய்வது. விடை மைனஸ் ஆகவில்லை, தாள் மைனஸ் நீளத்துக்குப் போகவில்லை. சின்னதாகிறது, அவ்வளவுதான்.

பூஜ்ஜியம்: ஒரு பக்கத்தை 141%-இல் பெரிதாக்கி, வந்ததை 71%-இல் சின்னதாக்குங்கள். பழைய அளவே திரும்பி வரும். அடுக்கில் 1/2-உம் -1/2-உம் கூடி 0. மிஷினில் அது 100%, 0% இல்லை. எந்த மாற்றமும் செய்யாத பெருக்கல் 1-ஆல் பெருக்குவதுதானே. பையன் "எதுவும் செய்யவில்லை என்றால் எதுவும் இல்லை" என்று நினைக்கிறான். எதுவும் செய்யாவிட்டால் இருந்தது இருந்தபடி இருக்கும் என்பதுதான் பெருக்கலின் கணக்கு. கூட்டலில் அந்த வேலையை 0 செய்கிறது, பெருக்கலில் 1.

---

அண்ணாச்சி ஜெராக்ஸ்

141 போட்டு 71 போட்டால் அப்படியே வராது வாத்தியாரே, மயிரிழை பெரிசாக வரும். ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

---

மேலவீதி வாத்தியார்

உங்கள் கண்ணுக்கு ஒரு கும்பிடு. 1.41 × 0.71 = 1.0011. முழுச் சதவீதத்துக்கு முழுமைப்படுத்தியதால் வருகிற பிசிறு அது. √2-க்குத் தசமம் முடியவே முடியாது என்பதால் மிஷின் எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். 71-ஐ இரண்டு தடவை போட்டாலும் 50.41 வரும், சரியாக 50 வராது.

---

நிலாமுற்றம்

100% விஷயத்தைச் சொன்னதும் பையன் "ஓ" என்றான். இரண்டு நாளாக விதியைச் சொல்லிச் சொல்லி வராத "ஓ" அது. ஆனால் உடனே அடுத்த கேள்வி. எந்தத் தாளை மடித்தாலும் இப்படித்தானா, A4-க்கு மட்டும் என்ன விசேஷம் என்கிறான். வீட்டில் இருக்கிற லாங் சைஸ் நோட்டை மடித்துப் பார்த்துவிட்டு "இது வேற ஷேப்பா வருது" என்கிறான்.

---

மேலவீதி வாத்தியார்

சரியாகப் பிடித்திருக்கிறான். மடித்த பிறகும் அதே வடிவம் வர வேண்டும் என்றால் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஒரே ஒரு எண்ணாகத்தான் இருக்க முடியும். நோட்டை எடுத்து அவனையே போடச் சொல்லுங்கள்.

அகலம் w, நீளம் L. மடித்தால் புது நீளம் w, புது அகலம் L/2. இரண்டு விகிதமும் சமம்: L/w = w/(L/2). குறுக்கே பெருக்கினால் L^2 = 2·w^2, ஆக L = 2^(1/2)·w.

ஜெர்மனியில் லிச்சன்பெர்க் என்ற இயற்பியல் பேராசிரியர் 1786-இலேயே ஒரு கடிதத்தில் இந்த விகிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1922-இல் அது DIN 476 என்ற ஜெர்மன் தரமாக வந்தது, 1975-இல் ISO 216 என்ற சர்வதேசத் தரம் ஆனது. அந்தத் தரத்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்த்தார்கள்: A0 தாளின் பரப்பு சரியாக 1 சதுர மீட்டர். இதையும் போட்டால் அளவே கிடைத்துவிடும்.

w × L = 1
w × 2^(1/2)·w = 1
w^2 = 2^(-1/2)
w = 2^(-1/4)

அகலம் 2-இன் மைனஸ் கால் அடுக்கு. கால் அடுக்கு என்றால் நான்கு தடவை பெருக்கினால் 2 வரும் எண், அதாவது நான்காம் படி மூலம். 2-க்கு வர்க்கமூலம் எடுத்து, வந்ததற்கு மறுபடி வர்க்கமூலம் எடுத்தால் போதும்: 1.4142, பிறகு 1.1892. மைனஸ் இருப்பதால் அதன் தலைகீழி, 0.8409. ஆக A0-இன் அகலம் 841 மில்லிமீட்டர். நீளம் 2^(1/2) × 2^(-1/4) = 2^(1/4), 1189 மில்லிமீட்டர். தரத்தில் அச்சடித்திருக்கும் எண்களும் இவையேதான், 841 × 1189.

அங்கிருந்து ஒவ்வொரு மடிப்புக்கும் பரப்பின் அடுக்கில் 1 குறையும். A4 நான்கு மடிப்பு, பரப்பு 2^(-4), அதாவது 1/16 சதுர மீட்டர். நீளத்தின் அடுக்கில் ஒவ்வொரு மடிப்புக்கும் அரை குறையும்: 1/4 - 4/2 = -7/4. இப்போது 2^(-7/4) எவ்வளவு என்று கால்குலேட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 0.2973. வீட்டில் இருக்கிற A4 தாளில் ஸ்கேலை வைத்தால் 29.7 சென்டிமீட்டர்.

பூஜ்ஜியத்தோடு நின்றுவிடவும் இல்லை. 2A0, 4A0 என்று A0-ஐவிடப் பெரிய தாள்களும் உண்டு. மடிப்பு எண் மைனஸ் 1, மைனஸ் 2 என்று வைத்தால் அவற்றின் அளவும் இதே கணக்கில் வந்துவிடும்.

---

அண்ணாச்சி ஜெராக்ஸ்

80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். A4 ஒன்று அதில் பதினாறில் ஒன்று, 5 கிராம். 500 தாள் ரீம் இரண்டரை கிலோ. தூக்குகிற கைக்கு இது எப்பவும் தெரியும், கணக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

---

வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சுட்டி விதிகள் என்று படிப்போம், கணக்கு ஒன்றுதான். எனக்கு 27^(2/3) மாதிரி வந்தால்தான் குழப்பம். முதலில் வர்க்கித்துப் பிறகு கனமூலம் எடுப்பதா, கனமூலம் எடுத்துப் பிறகு வர்க்கிப்பதா? ஆசிரியர் இரண்டும் ஒன்று என்கிறார். ஆனால் (-8)-ஐ வைத்துச் செய்தபோது எனக்கு இரண்டு விடை வந்தது.

---

மேலவீதி வாத்தியார்

27-க்கு இரண்டும் ஒன்றேதான். 1-லிருந்து 27-க்குச் சமமான மூன்று பெருக்கல் படியில் போகிறீர்கள் என்று வையுங்கள்: 1, 3, 9, 27. 27^(1/3) என்பது முதல் படியில் நிற்கிற இடம், 3. 27^(2/3) இரண்டாவது படி, 9. 1-லிருந்து எதிர்ப்பக்கம் இரண்டு படி நடந்தால் 27^(-2/3), அது 1/9. வர்க்கித்துவிட்டு மூலம் எடுத்தால் 729-இன் கனமூலம், அதுவும் 9. விடை ஒன்று என்றாலும் கையால் போடும்போது முதலில் மூலத்தை எடுங்கள், எண் சின்னதாக இருக்கும்.

(-8) வேறு கதை. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

---

வல்லைவெளி

(-8)^(1/3) என்பது -2, ஏனென்றால் (-2)×(-2)×(-2) = -8. ஆனால் 1/3-உம் 2/6-உம் ஒரே பின்னம்தானே. (-8)^(2/6) என்று எழுதி முதலில் வர்க்கித்தால் 64, அதன் ஆறாம் மூலம் 2. ஒரே எண்ணுக்கு -2, 2 என இரண்டு விடை.

---

பின்னல்குறி

நான் புரோகிராமர். உங்களுக்கு மூன்றாவதாக ஒரு விடை தருகிறேன். பைத்தானில் அடித்தது, அங்கே ** என்றால் அடுக்கு:

```
>>> (-8)**(1/3)
(1.0000000000000002+1.7320508075688772j)
>>> -8**(1/3)
-2.0
>>> 2**1/2
1.0
```

முதல் வரியில் கலப்பெண் வருகிறது. இரண்டாவதில் -2.0 வந்தது அடைப்புக்குறி இல்லாததால்: 8-க்கு மூலம் எடுத்துவிட்டு முன்னால் மைனஸ் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது எங்கள் அலுவலகத்தில் ஒருவர் √2 வேண்டும் என்று அடித்தது. அடுக்கை முதலில் போட்டுவிடும், பிறகுதான் வகுக்கும், அதனால் 2/2 = 1. பின்ன அடுக்குக்கு அடைப்புக்குறி போடாதவர்களுக்குப் பிழைச்செய்திகூட வராது, தப்பான எண் அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

---

சங்குவளை

அப்போ பைத்தான் தப்பு. -2 என்று பளிச்சென்று இருக்கிற விடையை விட்டுவிட்டு ஏதோ j போட்டுக் காட்டுகிறது.

---

மேலவீதி வாத்தியார்

தப்பு என்று சொல்ல முடியாது. கனம் எடுத்தால் -8 வருகிற எண்கள் மூன்று உண்டு. அதில் -2 ஒன்று, பைத்தான் காட்டிய 1 + 1.732i இன்னொன்று; பைத்தான் j என்று எழுதுவதைத்தான் நாம் i என்று எழுதுகிறோம். மைனஸ் எண் என்பது எண்கோட்டில் பின்பக்கம் திரும்பி, 180 பாகையில் நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு வேலை என்றால் திருப்பமும் மூன்றில் ஒரு பங்கு, 60 பாகை. 2 அலகு தூரத்தில் 60 பாகையில் நிற்கிற எண்தான் அந்த 1 + 1.732i. அரைத் தடவை, மூன்றில் ஒரு தடவை என்ற நம் அர்த்தத்துக்கு அது துரோகம் செய்யவில்லை.

வல்லைவெளி கண்ட முரண்பாடும் உண்மையானது. அடிமானம் மைனஸ் ஆனதும் பின்ன அடுக்குகளின் விதிகள் எல்லாம் ஒன்றாக உயிரோடு இருக்க முடியாது, ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும். அதனால்தான் பல புத்தகங்கள் பின்ன அடுக்குக்கு "a > 0" என்று ஓரமாக ஒரு வரி போட்டிருக்கும். பையன்கள் தாண்டிப் போகிற வரி அது.

---

வல்லைவெளி

ஆனால் என் கல்குலேட்டர் -2 என்றுதான் காட்டுகிறது. பரீட்சையில் எதை எழுதுவது?

---

பின்னல்குறி

கனமூலக் குறி ∛ போட்டிருந்தால் -2. அதில் சந்தேகம் வேண்டாம். பைத்தானில்கூட 3.11-லிருந்து `math.cbrt(-8)` என்று தனியாக இருக்கிறது, அது -2.0 தரும். அடுக்காக 1/3 போட்டிருந்தால் எனக்கு "வரையறுக்கப்படவில்லை" என்பதுதான் சரி என்று படுகிறது.

---

மேலவீதி வாத்தியார்

எனக்கு அதில் சம்மதம் இல்லை. பின்னம் சுருக்கிய வடிவில் இருந்து, கீழே ஒற்றைப்படை எண் இருந்தால் -2 என்று ஏற்கிற புத்தகங்களும் இருக்கின்றன. பள்ளி மாணவர் -2 எழுதினால் நான் மார்க் போடுவேன். ஆனால் (-8)^(2/6) என்று கேள்வித்தாளில் கொடுக்கிறவரிடம்தான் இரண்டு வார்த்தை பேசணும்.

---

பின்னல்குறி

சுருக்கினால் ஒரு விடை, சுருக்காவிட்டால் இன்னொரு விடை என்றால் அது அடுக்கே இல்லை சார், வெறும் எழுத்துமுறை. நான் விடமாட்டேன்.

---

மேலவீதி வாத்தியார்

எழுத்துமுறையாகத்தான் இது ஆரம்பித்தது! 1676-இல் நியூட்டன் லைப்னிட்ஸுக்காக எழுதிய கடிதத்தில், aa என்பதை a^2 என்று எழுதுகிற மாதிரி √a-ஐ a^(1/2) என்றும், 1/a-ஐ a^(-1) என்றும் எழுதுகிறேன் என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போகிறார். மூலத்தையும் வகுத்தலையும் அடுக்காக எழுதியதும், முழு எண் அடுக்குக்கு இருந்த ஈருறுப்புத் தொடர் பின்னத்துக்கும் மைனஸுக்கும் ஓடியது. எழுத்துமுறை என்று தள்ளிவிட முடியாது.

---

நிலாமுற்றம்

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், பையன் இங்கே 8^(-2/3) போட்டுவிட்டான். 1, 2, 4, 8 என்று மூன்று படி எழுதி, 1-லிருந்து எதிர்ப்பக்கம் இரண்டு படி நடந்து 1/4 என்றான். சரிதானே?

---

மேலவீதி வாத்தியார்

முழு மார்க்.

---

அண்ணாச்சி ஜெராக்ஸ்

எனக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. லீகல் தாளை A4-இல் எடுக்க 71 போட்டால் நாலு பக்கமும் காலியாகக் கிடக்கிறது. அதற்கு எந்த மூலம் எடுக்கணும்?

---

பின்னல்குறி

எந்த மூலமும் உதவாது அண்ணாச்சி. லீகல் 216 × 356, A4 210 × 297. வடிவமே வேறு என்பதால் ஒரே சதவீதம் இரண்டு பக்கத்துக்கும் சரியாகப் பொருந்தாது. அகலத்துக்கு 97 போதும், உயரத்துக்கு 83 வேண்டும். சின்னதைப் போடுங்கள், 83. பக்கவாட்டில் கொஞ்சம் வெள்ளை விழும், அதைத் தவிர்க்க முடியாது.